எல்லாம் கனவுபோலத் தோன்றும்போது: நெடிய மன அழுத்தமும் நிஜமற்ற உணர்வும்

பல மாதங்கள் ஓயாமல் ஓடிய ஒருவர், ஓட்டம் நின்ற பிறகு ஒரு நாள் தன் அறையில் உட்கார்ந்திருக்கிறார். மேசை, நாற்காலி, சன்னல் எல்லாம் அதனதன் இடத்தில்தான் இருக்கின்றன. ஆனால் சுவர் யாரோ வரைந்து வைத்த படம்போலத் தட்டையாகத் தெரிகிறது. எதிரே இருப்பவர் பேசுவது காதில் விழுகிறது, பொருளும் புரிகிறது, குரல் மட்டும் எங்கோ தொலைவிலிருந்து வருகிறது. தன் கையைத் திருப்பிப் பார்க்கிறார். அது தன் கைதான் என்று தெரிகிறது. தன்னுடையதாக உணர முடியவில்லை. "எனக்குப் பைத்தியம் பிடிக்கிறதோ?" என்ற பயம் அடுத்த நொடியே வந்துவிடுகிறது.

இந்த அனுபவம் மருத்துவத்துக்குப் புதிதல்ல. இதற்குப் பெயர் உண்டு, ஓரளவு விளங்கிய காரணம் உண்டு, கையாளும் வழியும் உண்டு. அந்த வழிகளில் மிக எளியது புலன்களைப் பற்றிக்கொண்டு நிலைகொள்வது. குளிர்ந்த நீரில் கை வைப்பது, பாதத்தைத் தரையில் அழுத்துவது என்று கேட்பதற்குச் சாதாரணமாகத் தோன்றும் செயல்கள்தாம். அவை எப்படி வேலை செய்கின்றன என்று தெரியாமல் செய்தால் பலன் தராமல் போகலாம். சிலருக்கு நிலைமை மோசமாவதும் உண்டு. அதனால்தான் அடிப்படையிலிருந்து தொடங்க வேண்டியிருக்கிறது.

ஒரே வேரில் கிளைத்த இரண்டு உணர்வுகள்

மருத்துவர்கள் இதில் இரண்டு வகையைப் பிரித்துப் பார்க்கிறார்கள்.

1. தன்னிடமிருந்தே விலகி நிற்கும் உணர்வு. இதை டிபெர்சனலைசேஷன் என்பார்கள். தன் உடல், குரல், எண்ணம், நினைவு எதுவும் தனக்குச் சொந்தமாகத் தோன்றாது. தான் பேசுவதைத் தானே வெளியே நின்று பார்ப்பதுபோல இருக்கும். அன்புக்குரியவரைப் பார்த்தாலும் உள்ளே எதுவும் அசையாது.

2. சூழல் நிஜமற்றதாகத் தோன்றும் உணர்வு. இதன் பெயர் டிரியலைசேஷன். பழகிய தெரு முதல் முறை பார்ப்பதுபோல இருக்கும். பொருள்கள் தட்டையாக, மங்கலாக, சில வேளை அளவுக்கு மீறித் துல்லியமாகத் தெரியும். காலம் நின்றுபோனது போலவோ தாவிச் செல்வது போலவோ தோன்றும்.

முதல் சொல்லை 1898இல் மருத்துவத் துறைக்குள் கொண்டுவந்தவர் பிரெஞ்சு அறிஞர் லுடோவிக் டுகா. இரண்டு உணர்வுகளும் பெரும்பாலும் சேர்ந்தே வருவதால், அமெரிக்க மனநல மருத்துவ சங்கம் 2013இல் வெளியிட்ட நோயறிதல் கையேடு அவற்றை ஒரே தலைப்பின்கீழ் வைத்திருக்கிறது.

மேலே உள்ள விவரிப்பில் "போல" என்ற சொல் எத்தனை முறை வந்தது என்று பாருங்கள். இந்த நிலையில் இருப்பவர் அந்தச் சொல்லைக் கைவிடுவதே இல்லை. "சுவர் படம்போல இருக்கிறது" என்றுதான் சொல்வார். "சுவரை யாரோ அகற்றிவிட்டுப் படத்தை மாட்டியிருக்கிறார்கள்" என்று நம்பமாட்டார். சுவர் சுவர்தான் என்பதும், மாறியிருப்பது தன் உணர்வு என்பதும் அவருக்குத் தெரியும். இந்தத் தெளிவு நிற்கிறதா, போய்விட்டதா என்பதைத்தான் மருத்துவர் முதலில் பார்ப்பார். உண்மைக்கும் தோற்றத்துக்கும் உள்ள வேறுபாடு அழிந்துபோகும் மனச்சிதைவு நிலையிலிருந்து இதைப் பிரிக்கும் கோடு அங்கேதான் இருக்கிறது. ஆகவே "பைத்தியம் பிடிக்கிறதோ" என்று அஞ்சுகிறவரிடம், அந்தக் கேள்வியை அவரால் கேட்க முடிவதே நல்ல அறிகுறி என்று சொல்லலாம். அது வெறும் ஆறுதல் பேச்சாகாது.

சில நிமிடங்களோ சில மணி நேரமோ வந்துபோகும் வடிவில் இந்த உணர்வு மிகப் பரவலானது. தூக்கமில்லாத இரவு, கடும் காய்ச்சல், விபத்து, பீதி என்று எதன் பிறகும் வரலாம். விடாமல் நீடித்தோ திரும்பத் திரும்ப வந்தோ வாழ்க்கையைக் குலைக்கும்போதுதான் அது கோளாறு எனப்படுகிறது. அந்த நிலை நூற்றில் ஒருவர் அல்லது இருவருக்கு இருக்கலாம் என்பது மதிப்பீடு. பெரும்பாலும் பதின்ம வயதில் தலைகாட்டும்; நாற்பதுக்கு மேல் முதல் முறையாகத் தொடங்குவது அரிது.

மூளை எதை அணைக்கிறது?

ஒரு பொருளைப் பார்ப்பதில் இரண்டு வேலைகள் சேர்ந்தே நடக்கின்றன. ஒன்று அடையாளம் காண்பது: இது கதவு, இது என் அம்மாவின் முகம். மற்றொன்று, அந்தப் பொருளுக்கு உடல் தரும் பதில். பழகிய முகத்தைக் கண்டதும் நெஞ்சுக்குள் எழும் மெல்லிய இளக்கம், சொந்த அறைக்குள் நுழைந்ததும் தோள்கள் தளர்வது ஆகியவை அதில் சேரும். இந்த இரண்டாவது வேலை எப்போதும் அடியில் ஓடிக்கொண்டிருப்பதால் நாம் அதைக் கவனிப்பதே இல்லை. அது நின்றால்தான் தெரிகிறது. அடையாளம் சரியாக இருந்தும் பொருளில் உயிர் இல்லாததுபோல ஆகிறது.

மௌரிசியோ சியெர்ரா, ஜெர்மான் பெர்ரியோஸ் என்ற இரு மனநல மருத்துவர்கள் 1998இல் முன்வைத்த விளக்கம் இதை ஒட்டியது. அச்சம் ஓர் அளவைத் தாண்டும்போது நெற்றிக்குப் பின்னால் உள்ள மூளைப் பகுதி, உணர்ச்சியை எழுப்பும் உட்பகுதிகளின்மேல் ஒரு தடுப்பைப் போடுகிறது என்றார்கள். பிறகு நடந்த ஆய்வுகள் இதற்கு ஆதரவு தந்தன. இந்தக் கோளாறு உள்ளவர்களுக்கு அருவருப்பான படங்களைக் காட்டியபோது, உடலின் உள்நிலையை உணரும் இன்சுலா என்ற மூளைப் பகுதி மற்றவர்களைவிடக் குறைவாகவே இயங்கியது. தோலில் வியர்வை சுரப்பதை அளந்தபோதும் விரும்பத்தகாத படங்களுக்கான எதிர்வினை மந்தமாக இருந்தது. விளக்கம் இன்னும் முழுமை பெறவில்லை. ஆனால் "எதுவும் என்னைத் தொடவில்லை" என்று இவர்கள் சொல்வது கற்பனை அல்ல என்பதற்கு இவை போதுமான சான்று.

இந்தத் தடுப்பு ஆபத்தில் பயன்படக்கூடியது. விபத்தின் நடுவே சிலர் வியப்பூட்டும் அமைதியோடு செயல்படுவதும், "அது யாருக்கோ நடந்தது போல இருந்தது" என்று பின்னர் சொல்வதும் இதனால்தான் என்று கருதப்படுகிறது. ஆபத்து சில நிமிடங்களில் முடிந்தால் தடுப்பும் விலகிவிடும். மாதக்கணக்கில் நீளும் அழுத்தத்தில் அது விலகுவதற்கு இடமே கிடைப்பதில்லை.

இதோடு வேறு இரண்டும் சேர்கின்றன. முதலாவது தூக்கக்குறைவு. அது தனியாகவே இந்த உணர்வை உண்டாக்க வல்லது. இரண்டாவது மூச்சு. பதற்றத்தில் இருப்பவர் தேவைக்கு அதிகமாக மூச்சு விடுகிறார், அடிக்கடி பெருமூச்சு விடுகிறார், பெரும்பாலும் அது அவருக்கே தெரிவதில்லை. இதனால் இரத்தத்தில் கரியமில வாயு குறைகிறது, மூளையின் இரத்தக் குழாய்கள் சற்றுச் சுருங்குகின்றன. தலை மிதப்பது, விரல் நுனி மதமதப்பது, சூழல் விலகிப்போவது ஆகியவை அதன் விளைவுகள்.

அழுத்தம் இருந்தபோது வராமல் முடிந்த பிறகு வருவதேன் என்பது பலரைக் குழப்பும் கேள்வி. பெரும்பாலும் அது முன்பே இருந்திருக்கும் என்பதுதான் என் கணிப்பு. வேலை கழுத்தை நெரிக்கும்போது கவனம் முழுவதும் வெளியே இருக்கிறது. அடுத்து என்ன, அடுத்து என்ன என்று ஓடுகிறவருக்குத் தன் கை தன்னுடையதாகத் தோன்றுகிறதா என்று பார்க்க நேரமில்லை. ஓட்டம் நின்றதும் கவனம் உள்ளே திரும்புகிறது. அங்கே ஏற்கெனவே பரவியிருந்த மரத்துப்போன நிலை அப்போதுதான் கண்ணில் படுகிறது.

பயம் போடும் வட்டம்

உணர்வு வருவது ஒன்று, அது தங்கிவிடுவது வேறொன்று. தங்கவைப்பது பெரும்பாலும் அதைப் பற்றிய பயம்தான். லண்டனில் எலைன் ஹன்டரும் அவருடைய சக ஆய்வாளர்களும் 2003இல் எழுதிய கட்டுரை இந்த ஓட்டத்தைத் தெளிவாக்கியது. அதன் சாரம் இது:

1. களைப்பினாலோ பதற்றத்தினாலோ நிஜமற்ற உணர்வு ஒரு முறை வருகிறது.
2. அதற்குப் பயங்கரமான பொருள் கொடுக்கப்படுகிறது: மூளை கெட்டுவிட்டது, நான் மறைந்துபோகிறேன், இனி மீளவே முடியாது.
3. அந்தப் பொருள் அச்சத்தைக் கூட்டுகிறது. அச்சம் கூடினால் மூளையின் தடுப்பும் இறுகுகிறது.
4. "இன்னும் இருக்கிறதா?" என்று நிமிடத்துக்கு ஒரு முறை சோதிக்கத் தொடங்குகிறார். கையை உற்றுப் பார்க்கிறார், கண்ணாடியில் முகத்தைத் தேடுகிறார்.
5. அந்தச் சோதனையே உணர்வை வளர்க்கிறது.

ஐந்தாவது படி பலருக்கு நம்பக் கடினமாக இருக்கும். ஆனால் அதை யார் வேண்டுமானாலும் தன்மேல் சோதித்துப் பார்க்கலாம். "நாற்காலி" என்ற சொல்லை நாற்பது முறை விடாமல் உரக்கச் சொல்லுங்கள். சொல் உதிர்ந்து வெறும் ஒலியாகிவிடும். கண்ணாடியிலும் இதே கதைதான். இத்தாலிய உளவியலாளர் ஜியோவான்னி கபூட்டோ 2010இல் வெளியிட்ட ஆய்வில், மங்கிய வெளிச்சத்தில் தம் முகத்தையே 10 நிமிடம் உற்றுப் பார்த்த சாதாரண மனிதர்கள், அது உருமாறியதாகவும் அறியாத முகம் தெரிந்ததாகவும் சொன்னார்கள். அசையாமல் உற்றுப் பார்த்தால் எதுவும் அந்நியமாகும். ஏற்கெனவே அந்நிய உணர்வில் இருப்பவர் தன் முகத்தை உற்றுப் பார்த்துத் தேடும்போது, தேடுகிற செயலே தேடும் பொருளைத் தொலைத்துவிடுகிறது.

புலன் நங்கூரம் செய்யும் வேலை

மேலே சொன்ன வட்டத்தை எங்கே வெட்டலாம்? மூளையின் தடுப்பை நாம் நினைத்தவுடன் விலக்க முடியாது. நான்காவது படியில், அதாவது கவனம் எங்கே போகிறது என்பதில்தான் கைவைக்க முடியும். புலன்களைப் பற்றிக்கொண்டு நிலைகொள்ளும் இந்த நங்கூரம், கவனத்துக்கு வெளியுலகில் ஒரு வேலை கொடுப்பது. உணர்வை விரட்டுவது அதன் நோக்கமல்ல. கவனம் வெளியே இருக்கும் நேரம் கூடக்கூட அச்சம் தணிகிறது, தணியும்போது உணர்வு தானாகவே மங்குகிறது. இந்த வரிசையைத் தலைகீழாக்கி உணர்வு போனதா என்று முதலில் பார்ப்பவர்கள்தாம் "எனக்கு இது பலிக்கவில்லை" என்று கைவிடுகிறார்கள்.

எல்லாப் புலனும் சமமாக உதவாது. சுற்றுமுற்றும் பார்த்து ஐந்து பொருள்களின் பெயரைச் சொல்லும் முறை புகழ்பெற்றது. ஆனால் பார்வைதான் தட்டையாகிப்போன புலன் என்றால், அதிலிருந்து தொடங்குவது புண்பட்ட காலில் எடையை வைப்பதற்குச் சமம். அழுத்தம், வெப்பநிலை, தசையின் உழைப்பு ஆகியவை பெரும்பாலோருக்குக் கூடுதலாக உதவுகின்றன. அவற்றிலிருந்து தொடங்கி, பார்வையைக் கடைசியில் சேர்ப்பது நல்லது.

1. அழுத்தம். இரு பாதங்களையும் தரையில் வைத்துக் குதிகாலை 5 விநாடி அழுத்தி விடுங்கள். பிறகு உள்ளங்கைகளை ஒன்றோடொன்று அழுத்துங்கள். தசை உழைக்கும்போது உடல் எங்கே முடிகிறது, தரை எங்கே தொடங்குகிறது என்ற செய்தி வலுவாக எழும்.

2. வெப்பநிலை மாற்றம். குழாய்த் தண்ணீரில் மணிக்கட்டுவரை அரை நிமிடம் கையை நனையுங்கள். நனைத்த கைக்கும் துடைத்த கைக்கும் உள்ள வேறுபாட்டைக் கவனியுங்கள். புலன்கள் மாறாத ஒன்றைச் சீக்கிரம் மறந்துவிடும். மாற்றத்தைத்தான் அவை கவனிக்கும்.

3. சொரசொரப்பு. சாவி, சீப்பு, துணியின் தையல் விளிம்பு என ஏதேனும் ஒன்றை விரலால் தடவி, தெரிவதைச் சொல்லாக்குங்கள். "சாவி" என்று பெயர் சொன்னால் போதாது. "மூன்று பல் இருக்கிறது, நடுவில் உள்ளது குட்டை, ஓரத்தில் ஒரு கீறல்" என்ற அளவுக்கு நுணுக்கம் வேண்டும். அவ்வளவு விவரம் தேடுகிற மனத்தில் சுயசோதனைக்கு அதிக இடமிருக்காது.

4. பார்வையை நகர்த்துவது. ஒன்றையே உற்றுப் பார்க்காமல், அருகில் உள்ள பொருளிலிருந்து தொலைவில் உள்ளதற்கும் திரும்ப அருகிலும் கண்ணை மாற்றுங்கள். தலையும் சேர்ந்து திரும்பட்டும்.

எல்லாம் சேர்ந்து மூன்று நிமிடத்துக்கு மேல் வேண்டாம். அதன் பிறகு கைகள் ஈடுபடும் ஏதேனும் ஒரு வேலைக்குப் போய்விட வேண்டும்: துணி மடிப்பது, பாத்திரம் கழுவுவது, கையால் எழுதுவது. நங்கூரத்தின் இரண்டாம் பாதி இந்த வேலைதான். பலர் அதை விட்டுவிடுகிறார்கள்.

ஓர் எடுத்துக்காட்டு

பலருடைய அனுபவத்திலும் பொதுவாக இருப்பதைக் கொண்டு ஒருவரைக் கற்பனை செய்துகொள்வோம். முப்பத்திரண்டு வயதுப் பெண். நோயுற்ற தாயை ஏழு மாதம் பகலில் வேலை பார்த்துக்கொண்டே கவனித்தார். இரவில் நான்கைந்து மணி நேரத் தூக்கம். தாய் தேறிய மூன்றாவது வாரத்தில், அலுவலகக் கூட்டம் ஒன்றில் திடீரென்று எல்லாரும் கண்ணாடிக்கு அப்பால் போய்விட்டதுபோல ஆனது. அன்றிலிருந்து தினமும் வருகிறது. ஒவ்வொரு மணி நேரமும் கழிவறைக் கண்ணாடியில் தன்னைப் பார்த்துச் சோதிக்கிறார்.

முதல் வாரம் நங்கூரம் பயன்படுத்துகிறார். பாதத்தை அழுத்துகிறார், உடனே "சரியாகிவிட்டதா?" என்று பார்க்கிறார். இல்லை. தண்ணீரில் கை வைக்கிறார், மறுபடி பார்க்கிறார். இல்லை. ஒவ்வொரு "இல்லை"யும் புதிய அச்சத்தைத் தருகிறது. பத்து நிமிடத்தில் தொடங்கியதைவிட மோசமாகிவிடுகிறது. கண்ணாடியில் செய்த சோதனையைத்தான் இப்போது தண்ணீரில் செய்கிறார்.

இரண்டாவது வாரம் மூன்று மாற்றங்கள் செய்கிறார். கண்ணாடி பார்ப்பதைத் தலைவாரவும் முகம் கழுவவும் மட்டும் என்று வரையறுக்கிறார். நங்கூரத்தின்போது மனத்தில் ஓட்டும் வாக்கியத்தை மாற்றுகிறார்: "இது அந்த விலகல் உணர்வு. களைத்த மூளை போட்ட தடுப்பு. இருக்கட்டும், நான் இந்தச் சாவியைப் பார்க்கிறேன்." மூன்று நிமிடம் முடிந்ததும், உணர்வு இருந்தாலும் இல்லாவிட்டாலும், விட்ட வேலைக்குத் திரும்புகிறார். முதல் சில நாள் உணர்வு அப்படியே இருக்கிறது, அச்சம் மட்டும் குறைகிறது. அடுத்ததாக, பாத்திரம் கழுவி முடித்த பிறகுதான் "கால் மணி நேரமாக அதை நினைக்கவே இல்லை" என்று தெரிகிறது. முன்னேற்றம் பெரும்பாலும் இப்படி, பின்னால் திரும்பிப் பார்க்கும்போது மட்டுமே கண்ணில் படும். ஆகவே அவர் குறித்துவைக்க வேண்டியது உணர்வின் அளவை அல்ல, அன்று செய்து முடித்தவற்றை.

கூடவே தூக்கத்தை ஏழு மணி நேரத்துக்குக் கொண்டுவந்தார். இதை ஒரு துணைக் குறிப்பாகச் சொல்லிவிட்டுப் போவது சரியல்ல. ஏழு மாதத் தூக்கக் கடன் அப்படியே இருக்கும்போது எந்த நங்கூரமும் நெடுநேரம் பிடிக்காது.

எங்கே தவறுகிறது

சோதனையாக மாறுவதுதான் முதன்மையான தவறு. அதை மேலே பார்த்துவிட்டோம். அடுத்தது, கவனத்தை உள்ளே செலுத்தும் பயிற்சிகளை நங்கூரம் என்று எண்ணுவது. கண்ணை மூடி மூச்சைக் கவனிப்பதும் உடலை உறுப்பு உறுப்பாக உணர்வதும் பலருக்கு அமைதி தருபவை. ஆனால் விலகல் உணர்வு உள்ள சிலருக்கு அவை அதைக் கூட்டிவிடுகின்றன. அப்படி நேர்ந்தால் அது உங்கள் குறையல்ல. கண்ணைத் திறந்துகொண்டு வெளியே உள்ள பொருளுக்குத் திரும்புங்கள். மூச்சைச் சீராக்க விரும்பினால் ஆழமாக இழுக்க வேண்டாம், வெளிமூச்சைச் சற்று நீட்டினால் போதும். ஆழ்ந்து ஆழ்ந்து இழுப்பது கரியமில வாயுவை மேலும் குறைத்து மிதப்பை அதிகமாக்கும்.

மூன்றாவது, தீவிரத்தைக் கூட்டிக்கொண்டே போவது. தண்ணீர் போதவில்லை என்று பனிக்கட்டியை நெடுநேரம் பிடிப்பது, தோலைக் கிள்ளுவது, ரப்பர் வளையத்தால் அடித்துக்கொள்வது ஆகியவை நங்கூரம் ஆகா. வலி கவனத்தைப் பிடிக்கும் என்பது உண்மைதான். ஆனால் அது ஆபத்துச் செய்தி. அச்சத்தைத் தணிக்க வேண்டிய இடத்தில் அதைத் தூண்டிவிடும். உணர்வு மரத்துப்போனதால் தன்னைக் காயப்படுத்திக்கொள்ளத் தோன்றினாலோ, வாழ வேண்டாம் என்ற எண்ணம் வந்தாலோ, நங்கூரத்தை நம்பிக் காத்திருக்காமல் அன்றே மருத்துவ உதவி பெற வேண்டும்.

இது வேறொன்றாகவும் இருக்கலாம்

நிஜமற்ற உணர்வு பல நோய்களின் வாசலில் நிற்கும் அறிகுறி. கீழ்க்கண்டவற்றில் எதுவும் பொருந்தினால் முதலில் மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

1. திடீரென்று தொடங்கி ஓரிரு நிமிடத்தில் முடியும், ஒவ்வொரு முறையும் ஒரே மாதிரி வரும், கூடவே இல்லாத வாடை, வயிற்றிலிருந்து எழும் உணர்வு, நினைவு தப்புதல் ஆகியவை இருக்கும். இது மூளையின் பொட்டு மடலில் எழும் வலிப்பாக இருக்கலாம்.
2. ஒற்றைத் தலைவலிக்கு முன்போ பின்போ வருகிறது. அல்லது தலைசுற்றலோடு சேர்ந்தே வருகிறது.
3. தலையில் அடிபட்ட பிறகோ, புதிய மருந்து தொடங்கிய பிறகோ, கஞ்சா புகைத்த பிறகோ தொடங்கியது. கஞ்சா இதற்கு நன்கறியப்பட்ட தூண்டுகோல். ஒரு முறை பயன்படுத்தியே மாதக்கணக்கில் அவதிப்பட்டவர்கள் உண்டு.
4. நாற்பது வயதுக்குப் பிறகு முதல் முறையாக வருகிறது.
5. "போல" என்ற சொல் நழுவத் தொடங்குகிறது. உலகம் உண்மையிலேயே மாற்றப்பட்டுவிட்டது என்ற நம்பிக்கை வருகிறது.

இவை எதுவும் இல்லாமலும் சில வாரங்களாக விடாமல் நீடித்தால், மனநல மருத்துவரையோ உளவியல் ஆலோசகரையோ பார்க்கலாம். இந்தக் கோளாறுக்கென்றே அங்கீகரிக்கப்பட்ட மருந்து இதுவரை இல்லை. கூடவே இருக்கும் பதற்றத்துக்கோ மனச்சோர்வுக்கோ மருந்து தரப்படலாம். எண்ணத்தையும் நடத்தையையும் மாற்றும் சிபிடி என்ற உரையாடல் சிகிச்சை, மேலே சொன்ன வட்டத்தை நேரடியாகக் குறிவைப்பது.

இந்த உணர்வை விவரிக்கச் சொல் கிடைக்காமல் "ஒரு மாதிரி இருக்கிறது" என்று சொல்லிவிட்டு வெறும் சத்து மாத்திரையோடு திரும்புகிறவர்கள் பலர். போகும்முன் ஒரு தாளில் ஐந்து செய்திகளை எழுதிக்கொண்டு போவது நல்லது: முதலில் வந்த நாள், அதற்கு முந்தைய மாதங்களில் நடந்தவை, ஒரு முறை வந்தால் எவ்வளவு நேரம் நீடிக்கிறது, அப்போது தூக்கம் எவ்வளவு, எதைச் செய்யும்போது அது மறந்துபோகிறது. கடைசிக் கேள்வியை மருத்துவர் கேட்காவிட்டாலும் நீங்களாகவே சொல்லுங்கள். சிகிச்சையை எங்கிருந்து தொடங்கலாம் என்பது பல வேளை அந்த விடையில்தான் இருக்கும்.